ஃபாஸ்ட் ஸ்கேன் படத்தில் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே திரவம் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

விபத்தில் அடிபட்டு வந்தவரின் படுக்கையருகே நின்று எடுக்கும் அல்ட்ராசவுண்டை ஃபாஸ்ட் ஸ்கேன் என்கிறோம். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்பதுதான் அதில் கேட்கும் முக்கியமான கேள்வி. அதற்குப் பெரும்பாலும் முதலில் விடை சொல்வது வலது மேல் பக்கப் படம், அதாவது கல்லீரலும் வலது சிறுநீரகமும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் இடம். இந்த இடைவெளிக்கு மோரிசன் பை என்று பெயர். ஸ்கேன் செய்தவர் பார்த்தது நகரும் காட்சி. உங்கள் கைக்கு வருவதோ அதில் உறைந்து நின்ற ஒரே ஒரு படம். அந்த ஒற்றைப் படத்தை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் படம் "திரவம் இருக்கிறது" என்று உறுதியாகச் சொல்லும். "திரவம் இல்லை" என்று சொல்லும் தகுதி அதற்கு இல்லை. தோலில் வைத்து ஒலி அலையை அனுப்பி வாங்கும் கருவியான ப்ரோப் நின்ற அந்த ஒரு தளத்தில் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். அந்தத் தளத்துக்கு இரண்டு செ.மீ. கீழே ரத்தம் தேங்கி நிற்கலாம். இனி வரும் ஒவ்வொரு படியிலும் இந்த வேறுபாடு வேலை செய்வதைப் பார்ப்பீர்கள்.

முதல் படி: படிக்கத் தகுந்த படமா?

திரவத்தைத் தேடுவதற்கு முன் படத்தின் திசையைப் பாருங்கள். வயிற்று ஸ்கேன் அமைப்பில் திரையின் இடப்பக்கம் நோயாளியின் தலைப்பக்கம், வலப்பக்கம் கால்பக்கம். திரையின் மேல்விளிம்பு தோல், கீழே போகப் போக உடலின் ஆழம். ப்ரோப் வலது அக்குளின் நடுக்கோட்டில், கீழ் விலா எலும்புகளின் இடைவெளியில் வைக்கப்பட்டிருக்கும். ஆகவே திரையின் பெரும்பகுதியைக் கல்லீரல் அடைத்திருக்கும். அதற்குக் கீழே, சற்று வலப்பக்கமாக அவரைக்கொட்டை வடிவில் சிறுநீரகம் இருக்கும். இடப்பக்கத்தில் வளைந்த வெளிச்சக் கோடாக உதரவிதானம் தெரிய வேண்டும்.

அடுத்தது ஆழம். சிறுநீரகம் முழுதாகத் தெரிந்து, அதற்குக் கீழேயும் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். பெரியவர்களில் 15 செ.மீ. சுற்றிலான அமைப்பு பெரும்பாலும் போதும். உடல் பருத்தவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். சிறுநீரகத்தின் பாதி திரைக்கு வெளியே போயிருந்தால், இடைவெளியின் பாதியும் அதோடு போய்விட்டது என்று அர்த்தம்.

பிறகு கெயின், அதாவது திரும்பி வரும் எதிரொலியை எவ்வளவு பெருக்கி வெளிச்சமாகக் காட்டுவது என்ற அமைப்பு. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். திரவம் என்பது எதிரொலி இல்லாத இடம், அது முழுக் கருப்பாகத் தெரிய வேண்டும். ஆனால் கெயின் கூடினால் கருப்பும் சாம்பலாகிவிடும், மெல்லிய திரவப் படலம் அதில் கரைந்து போகும். கெயின் குறைந்தால் கொழுப்பும் கருப்பாகிவிடும், இல்லாத திரவம் இருப்பதாகத் தோன்றும். இதைச் சரிபார்க்கப் படத்துக்குள்ளேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: கல்லீரலுக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள். அவற்றின் உட்புறம் கருப்பாக இருந்து, கல்லீரல் திசு சீரான பொடிச் சாம்பலாக இருந்தால் கெயின் சரியாக இருக்கிறது. குழாய்களே சாம்பலாகத் தெரிந்தால் கெயின் அதிகம். கல்லீரல் திசுவே இருண்டு கிடந்தால் கெயின் குறைவு. கெயின் குறைந்த படத்தில் தென்படும் எந்தக் கருப்புக் கோட்டையும் நம்பாதீர்கள்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது, கல்லீரலின் கீழ்நுனி. திரையின் வலப்பக்கம் கல்லீரல் கூம்பி முடியும் இடம் அது. அந்த நுனி படத்துக்குள் வரவில்லை என்றால், படத்தின் மற்றப் பகுதிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது முழுமையில்லாத படம். காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: திரவம் எங்கே போய் நிற்கும்?

நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் ஈர்ப்பு விசைக்குக் கட்டுப்பட்டுப் பின்புறமாக, தாழ்ந்த குழிகளுக்குப் போகும். இடுப்புக்குழியும் மோரிசன் பையும் அப்படிப்பட்ட குழிகள். வலது பெருங்குடலின் வெளிப்பக்கமாக ஓடும் பள்ளம் இவ்விரண்டையும் இணைக்கும் வாய்க்கால். அந்த வாய்க்கால் மேலே வந்து சேரும் இடத்தில்தான் கல்லீரலின் கீழ்நுனி இருக்கிறது. அதனால் குறைந்த அளவு ரத்தம், கல்லீரலும் சிறுநீரகமும் ஒட்டியிருக்கும் நடுப்பகுதியில் தெரியாமல், நுனியைச் சுற்றி மட்டும் தெரிவது சாதாரணம். மண்ணீரல் கிழிந்து இடப்பக்கம் கசிந்த ரத்தமும்கூடப் பல சமயம் வலப்பக்கம்தான் தெரியும். ஆகவே வலப்பக்கம் திரவம் இருந்தால் கல்லீரல்தான் அடிபட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். திரவம் எங்கே நிற்கிறது என்பதைத்தான் படம் காட்டுகிறது, எங்கிருந்து வந்தது என்பதை அல்ல.

எவ்வளவு ரத்தம் சேர்ந்தால் தெரியும்? 1995-ல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றைக் கழுவிச் சோதிக்கும் முறையில் உள்ளே செலுத்திய திரவம் மோரிசன் பையில் தெரியத் தொடங்கிய சராசரி அளவு 619 மி.லி. 400 மி.லி.க்குள் கண்டுபிடித்தவர்கள் பத்தில் ஒருவர் மட்டுமே. ஒரு லிட்டர் வந்தபோது கிட்டத்தட்ட எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். தலைப்பக்கத்தைத் தாழ்த்திப் படுக்க வைத்தால் இதைவிடக் குறைந்த அளவிலேயே திரவம் மேலேறிப் பைக்குள் வந்துவிடும். தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவரிடம் அதைச் செய்வதா என்பதைச் சிகிச்சைக் குழு முடிவு செய்ய வேண்டும். இந்த எண்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: சுத்தமான படம் வந்த பிறகும் வயிற்றுக்குள் அரை லிட்டர் ரத்தம் இருக்க இடமுண்டு.

மூன்றாம் படி: இடைவெளியைக் கண்ணால் நடந்து பாருங்கள்

கண்ணைச் சிறுநீரகத்தின் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். நடுவில் வெளிச்சமான மையம், அதைச் சுற்றிக் கல்லீரலைவிடச் சற்று இருண்ட, அல்லது அதே அளவு சாம்பலான புறணி. புறணிக்குள் முக்கோணக் கருமைகள் தெரிந்தால் அவை சிறுநீரகத்தின் உள்ளமைப்பைச் சேர்ந்த பிரமிடுகள், திரவம் அல்ல. புறணியின் வெளிவிளிம்புக்கு வாருங்கள். அதற்கு வெளியே கொழுப்பு உறை, பிறகு சிறுநீரகத்தைச் சுற்றிய மெல்லிய சவ்வு, அடுத்து கல்லீரலின் உறை. இயல்பான படத்தில் சவ்வும் கல்லீரல் உறையும் ஒட்டி ஒரே வெளிச்சக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைச் சிறுநீரகத்தின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை விடாமல் பின்தொடருங்கள். நுனிக்கு வந்ததும் அதைச் சுற்றித் திரும்பி மறுபக்கம் வரை போங்கள். பிறகு இடப்பக்கம் போய்க் கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் இடையே ஒருமுறை பாருங்கள்.

கோடு எங்காவது இரண்டாகப் பிளந்து நடுவில் கருப்பு தெரிகிறதா? தெரிந்தால் அங்கே நின்று அதன் வடிவத்தைப் பாருங்கள். வயிற்றுக்குள் தாராளமாக நகரும் திரவத்துக்குச் சொந்த வடிவம் கிடையாது. உறுப்புகள் விட்ட இடத்தை அது நிரப்பும். ஆகவே அதன் ஓரங்கள் கூர்மையாக முடியும், மூலைகள் முக்கோணமாக இருக்கும். உருண்டையாக, எல்லாப் பக்கமும் சுவரால் மூடப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு பையோ குழாயோதான். திரவத்தின் நேர்கீழே உள்ள திசு அக்கம்பக்கத்தைவிட வெளிச்சமாகத் தெரிவதும் நல்ல துணைச்சான்று. ஒலி அலை திரவத்தில் அதிகம் தேயாமல் கடந்து வருவதால் இந்த வெளிச்சம் வருகிறது. மெல்லிய படலத்தில் இது தெளிவாகத் தெரியாமலும் போகலாம்.

உதரவிதானத்துக்கு மேலே, அதாவது திரையில் அதற்கு இடப்பக்கம், கருப்பு இருந்தால் அது மார்புக்குள் நிற்கும் திரவம், மோரிசன் பைக்குச் சம்பந்தமில்லை. இயல்பாக உதரவிதானத்துக்கு மேலே கல்லீரலின் கண்ணாடிப் பிம்பம்தான் தெரியும். முதுகெலும்பின் வெளிச்சக் கோடும் உதரவிதானத்தோடு நின்றுவிடும். அது மேலேயும் தொடர்ந்தால் மார்பில் திரவம் இருக்கிறது. அவசரத்தில் இந்த இரண்டு கருப்புகளையும் ஒன்றாக எழுதிவிட்டால், சிகிச்சையின் திசையே மாறிவிடும்.

நான்காம் படி: திரவம் போல நடிப்பவை

இவற்றில் அதிகம் ஏமாற்றுவது சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்புதான். பருமனானவர்களில் அது தடிமனாக இருக்கும், கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் இருண்ட பட்டையாகத் தெரியும். மூன்று குறிகளை வைத்துப் பிரிக்கலாம். முதலாவது, உற்றுப் பார்த்தால் அந்தப் பட்டைக்குள் மங்கலான புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். கல்லீரலின் குழாய்க்குள் இருக்கும் கருப்போடு ஒப்பிட்டால் இது கருப்பில்லை என்பது உடனே புரியும். இரண்டாவது, பட்டையின் இருபக்கமும் தெளிவான வெளிச்சக் கோடு ஓடி, அது சிறுநீரகத்தை ஒட்டியே வளைந்து போகும். கூர்மையாக முடியாது, கல்லீரல் நுனியைச் சுற்றியும் போகாது. மூன்றாவது, இடது சிறுநீரகத்தைச் சுற்றியும் பெரும்பாலும் அதே மாதிரிப் பட்டை இருக்கும். இடப்பக்கப் படமும் கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், சேர்த்துப் பார்த்தால் குழப்பம் பெரிதும் குறையும்.

பித்தப்பை அடுத்தது. ப்ரோப்பை முன்பக்கமாகச் சாய்த்து எடுத்த படத்தில் அது சிறுநீரகத்தின் அருகே வந்துவிடும். முழுக் கருப்பு, கீழே வெளிச்சம் என எல்லாமே திரவத்தின் லட்சணம். ஆனால் சுற்றிலும் வெளிச்சமான சுவர் இருக்கும், ஒரு முனை உருண்டு முடியும். சுவரைச் சுற்றிக் கண்ணை ஓட்டி, எங்கும் திறப்பில்லை என்று தெரிந்தால் அது பித்தப்பை. கல்லீரலின் ஆழத்தில் இரண்டு இணைக்கோடுகளுக்கு நடுவே ஓடும் கருப்புப் பட்டை கீழ்ப்பெருஞ்சிரை. ப்ரோப்பை உள்பக்கமாகச் சாய்த்ததால் அது படத்துக்குள் வந்திருக்கிறது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டி இருந்தால் அது உருண்டையாக, புறணியிலிருந்து புடைத்து நிற்கும். குடலுக்குள் இருக்கும் நீரைச் சுற்றி குடற்சுவர் தெரியும், அருகில் காற்றின் வெளிச்சமும் அதற்குக் கீழே அழுக்கான நிழலும் இருக்கும்.

நிழல்களைப் பற்றி ஒரு வார்த்தை. விலா எலும்பின் நிழல் தோலருகே தொடங்கி, உறுப்பு எது என்று பாராமல் கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு அடிவரை இறங்கும். சிறுநீரக முனையின் வளைவிலிருந்து மெல்லிய கருங்கோடு ஒன்று ஒலி அலையின் திசையில் நேராக இறங்குவதும் உண்டு. அது ஓர நிழல். திரவம் உறுப்புகளின் எல்லையை மதிக்கும். நிழல் மதிக்காது.

ரத்தம் எப்போதும் கருப்பு அல்ல

இதுவரை கருப்பைத் தேடச் சொன்னேன். ஆனால் ரத்தம் உறையத் தொடங்கினால் சாம்பலாகிவிடும். கட்டியாக உறைந்த ரத்தம் கல்லீரல் திசுவைப் போலவே தெரியலாம், கல்லீரல் கொஞ்சம் தடித்துவிட்டது போலத்தான் தோன்றும். இந்த இடத்தில் வெளிச்சக் கோடு உதவும். கல்லீரல் உறையின் கோடு சிறுநீரகத்திலிருந்து விலகி நின்று, நடுவில் கல்லீரலுக்குச் சம்பந்தமில்லாத, குழாய்கள் ஏதும் ஓடாத சாம்பல் திசு இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கட்டியின் ஓரமாக மெல்லிய கருப்பு வளையம் ஒன்று அடிக்கடி இருக்கும், அதையும் தேடுங்கள். உறைந்த ரத்தத்தை ஒற்றைப் படத்தில் தவறவிடுவது எளிது. இதில் மட்டும் அனுபவசாலிகளும் தயங்குவார்கள், தயங்குவதுதான் சரி.

ஒரு படத்தைப் படித்துப் பார்ப்போம்

இருசக்கர வாகன விபத்தில் வந்த இளைஞர் ஒருவரின் படம் என்று வைத்துக்கொள்வோம். ரத்த அழுத்தம் 96/60, நாடி 118. படத்தின் ஆழம் 17 செ.மீ. இடது மூன்றிலொரு பங்கில் மேலிருந்து அடிவரை ஒரு கருப்புப் பட்டை இறங்குகிறது. அதற்கு அருகே உதரவிதானத்தின் வளைவு, நடுவில் கல்லீரல், அதற்குக் கீழே சிறுநீரகம், வலப்பக்கம் கல்லீரலின் நுனி.

கெயினைப் பார்க்கிறோம். கல்லீரலுக்குள் இரண்டு குழாய்கள் கருப்பாக இருக்கின்றன, திசு சாம்பலாக இருக்கிறது. படத்தை நம்பலாம். இடப்பக்கக் கருப்புப் பட்டை தோலருகில் தொடங்கிக் கல்லீரலை வெட்டிப் போகிறது. அது விலா நிழல், ஒதுக்கிவிடுகிறோம். கண்ணைச் சிறுநீரகத்தின் மேல்முனையில் வைக்கிறோம். அங்கே ஒரே வெளிச்சக் கோடு, இயல்பாக இருக்கிறது. கோட்டைப் பின்தொடர்ந்து கீழே வரும்போது, சிறுநீரகத்தின் கீழ்ப்பாதியில் அது இரண்டாகப் பிரிகிறது. நடுவில் சுமார் 4 மி.மீ. கருப்பு. நுனிக்கு அருகில் அது 11 மி.மீ. வரை அகன்று, முக்கோணமாகி, நுனியைச் சுற்றித் திரும்பி, கல்லீரலின் வெளிப்பக்கத்தில் கூர்மையாக முடிகிறது.

இந்தக் கருப்பு கல்லீரல் குழாயின் கருப்புக்குச் சமம், உள்ளே புள்ளிகள் இல்லை. ஆகவே கொழுப்பு அல்ல. சுவர் இல்லை, இரண்டு முனையும் கூர்மை. ஆகவே பித்தப்பையும் இல்லை, சிரையும் இல்லை. கல்லீரல் நுனியைச் சுற்றிப் போவதால், சிறுநீரகத்தின் உறைக்குள் அடைபட்ட ரத்தமாகவும் இருக்க முடியாது. அப்படிப்பட்ட ரத்தம் சிறுநீரகத்தை மட்டுமே கட்டிப்பிடித்து நிற்கும். உதரவிதானத்துக்கு மேலே கல்லீரலின் பிம்பம் தெரிகிறது, முதுகெலும்புக் கோடு அங்கேயே நிற்கிறது. மார்பில் திரவம் இருப்பதற்கான அடையாளம் இல்லை. முடிவு: வயிற்றுக்குள் திரவம் இருக்கிறது.

இதே நோயாளியின் ப்ரோப் கொஞ்சம் தலைப்பக்கமாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நுனி படத்துக்கு வெளியே போயிருக்கும். மேல்முனையின் அழகான வெளிச்சக் கோடும், திரையின் ஓரத்தில் எவர் கண்ணிலும் படாத 4 மி.மீ. கீற்றும் மட்டுமே மிஞ்சியிருக்கும். அந்தப் படத்துக்கு "திரவம் இல்லை" என்று எழுதுபவர்கள் குறைவல்ல.

என்ன எழுதுவது, அடுத்து என்ன?

திரவம் இருந்தால் அது தெரியும் இடங்களை எழுதுங்கள்: "கல்லீரலின் கீழ்நுனியைச் சுற்றியும் மோரிசன் பையின் கீழ்ப்பாதியிலும் திரவம் உள்ளது, உதரவிதானத்துக்கு மேல் இல்லை". "ரத்தம்" என்று எழுதாதீர்கள். விபத்தில் வந்தவரின் வயிற்றில் திரவம் இருந்தால் அது ரத்தம் என்று எடுத்துக்கொண்டுதான் சிகிச்சை நகரும், அது சரியே. ஆனால் கல்லீரல் நோயால் தேங்கிய நீரும், வெடித்த சிறுநீர்ப்பையிலிருந்து வந்த சிறுநீரும், வயிற்று டயாலிசிஸ் திரவமும் படத்தில் இதே கருப்புதான். படலத்தின் தடிமனை வைத்து "இத்தனை மி.லி." என்று கணக்கிடவும் வேண்டாம். ஒரே அளவு ரத்தம், நோயாளி படுத்திருக்கும் விதத்தைப் பொறுத்து மெல்லியதாகவோ தடித்தோ தெரியும்.

திரவம் தெரிந்து, ரத்த அழுத்தம் நிலைக்காமல் இறங்கினால் அறுவைசிகிச்சைக் குழு உடனே வர வேண்டும். நம் உதாரண இளைஞர் இந்த எல்லையில்தான் நிற்கிறார். நிலையாக இருப்பவருக்குப் பெரும்பாலும் சி.டி. ஸ்கேன், காயம் எங்கே என்று அதுதான் காட்டும். திரவம் தெரியாவிட்டால் "இந்தப் படத்தில் தெரியவில்லை" என்று எழுதி, கல்லீரல் நுனி தெரிந்ததா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விபத்து நடந்து சிறிது நேரமே ஆகியிருந்தால் ரத்தம் இன்னும் சேர்ந்திருக்காது. வயிற்றுக்குப் பின்புறம், முதுகுப் பக்கமாகக் கசியும் ரத்தம் இந்தப் பையை எட்டுவதே இல்லை, எத்தனை முறை எடுத்தாலும் தெரியாது. நாடி ஏறினாலோ அழுத்தம் இறங்கினாலோ காத்திருக்காமல் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும், நிலையாக இருப்பவருக்கும் ஒருமுறை திரும்பச் செய்வது நல்லது.

படத்தைச் சேமிப்பவருக்கு: உதரவிதானம் தெரியும் ஒன்று, நுனி தெரியும் ஒன்று என்று குறைந்தது இரண்டு படங்கள் வையுங்கள். முடிந்தால் ஒரு சில விநாடிக் காணொளியும் சேருங்கள். அளவுக்கோடு போட்ட படத்தோடு அதே தளத்தின் வெறும் படத்தையும் வையுங்கள். அந்தக் கோட்டின் இரு முனைப் புள்ளிகளும் பெரும்பாலும் திரவத்தின் ஓரத்தின் மேலேயே விழுந்து, பார்க்க வேண்டிய மூலையை மறைத்துவிடுகின்றன.